திருவிழா விஞ்ஞாபனம்: எத்தனையாவது திருத்தத்தோடு நிறுத்தி அச்சுக்கு அனுப்புவது?

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு விஞ்ஞாபனம் வடிவமைத்துக் கொடுப்பவர்கள் எல்லோருக்கும் வருகிற கேள்வி இது. முதல் வரைவு ஒரு நாளில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு தலைவர் ஒன்று சொல்வார், செயலாளர் ஒன்று சொல்வார், உபயகாரர் ஒருவர் இரவு 10 மணிக்குக் கூப்பிட்டு இன்னொன்று சொல்வார். "final", "final2", "final_new" என்று கோப்புகள் குவியும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதற்குக் கைக்கணக்காக ஒரு முறை இருக்கிறது. A4 தாளில் இரண்டு பக்கம், நான்கு வர்ணம், ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஓஃப்செட் அச்சகம் என்று வைத்துக்கொண்டு அதை விளக்குகிறேன். மென்பொருளில் எழுத்து, படம், பெட்டி போடத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வரைவுக்கு முன்னால்: மூன்று கேள்விகள்

இந்தத் தாளைக் கையில் வாங்குகிறவர் எந்த மூன்று விஷயங்களை உடனே கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். உதாரணமாக: தேர் எந்த நாள், எத்தனை மணிக்குப் புறப்படுகிறது? பால்குடம் எங்கிருந்து வருகிறது? அன்னதானம் எந்த நாள்? வரைவு முடிந்ததா என்பதை இந்த மூன்றுதான் தீர்மானிக்கும். இவை எழுதப்படாவிட்டால் "இன்னும் கொஞ்சம் நல்லா இருக்கலாம்" என்ற பேச்சுக்கு முடிவே இருக்காது.

பஞ்சாங்கத்தையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். வாக்கியமா திருக்கணிதமா என்று குருக்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். இரண்டிலும் நேரங்கள் வேறுபடும் என்பதால், பாதி வழியில் ஒருவர் மற்றப் பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் நேரங்கள் எல்லாவற்றையும் திரும்ப அடிக்க வேண்டிவரும்.

ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று பெட்டிகள்

வரைவைக் காட்டியதும் வருகிற கருத்துகளை அப்படியே திருத்தப் போகாதீர்கள். முதலில் எண்ணுங்கள். கொப்பியில் மூன்று பெட்டி போட்டு ஒவ்வொரு கருத்தையும் ஒன்றில் சேருங்கள்.

பிழை: பெயர், திகதி, நேரம், எழுத்து தவறாக இருப்பது. "14.04.2026 திங்கட்கிழமை" என்று இருந்தால் அது பிழை, அந்த நாள் செவ்வாய்.
வாசிப்பு: சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் கண்ணில் படவில்லை அல்லது வாசிக்க முடியவில்லை.
விருப்பம்: மஞ்சளுக்குப் பதில் செம்மஞ்சள், குத்துவிளக்கு இடப்பக்கம், தலைப்புக்கு வேறு எழுத்துரு.

ஒரு விஞ்ஞாபனத்தின் கணக்கு இப்படிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் சுற்று: பிழை 11, வாசிப்பு 6, விருப்பம் 4.
இரண்டாம் சுற்று: பிழை 5, வாசிப்பு 3, விருப்பம் 5.
மூன்றாம் சுற்று: பிழை 2, வாசிப்பு 1, விருப்பம் 6.
நான்காம் சுற்று: பிழை 1, வாசிப்பு 0, விருப்பம் 7.
ஐந்தாம் சுற்று: பிழை 2, வாசிப்பு 0, விருப்பம் 8.

மொத்தத்தை மட்டும் பார்த்தால் நான்காம் சுற்றில் 8 கருத்து, ஐந்தாம் சுற்றில் 10. வேலை கூடிக்கொண்டே போகிற மாதிரித் தெரியும். பெட்டி பிரித்துப் பார்த்தால்தான் உண்மை தெரிகிறது. வாசிக்கிறவருக்கு உதவுகிற திருத்தங்கள் மூன்றாம் சுற்றோடு கிட்டத்தட்ட முடிந்துவிட்டன. விருப்பப் பெட்டி மட்டும் ஒருபோதும் காலியாகாது. பார்க்கிறவர்கள் கூடக் கூட அது நிரம்பும். ஆகவே அதைக் காலி செய்ய முயல வேண்டாம். முதல் இரண்டு பெட்டிகளையும் பார்த்து முடிவெடுங்கள்.

பலர் இடறுகிற இடம்: ஐந்தாம் சுற்றில் பிழை ஏன் கூடியது?

இந்த ஓர் இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். ஐந்தாம் சுற்றில் வந்த 2 பிழைகளும் பழையவை அல்ல. நான்காம் சுற்றின் விருப்பங்களில் ஒன்று, தலைப்புக்கும் உபயகாரர் பட்டியலுக்கும் வேறு எழுத்துரு போடுவது. புதிய எழுத்துரு பழையதைவிடச் சற்று அகலம். பட்டியலின் ஒரு வரி இரண்டாக உடைந்தது; கடைசி வரி பெட்டிக்குக் கீழே போய் மறைந்தது. கீழ் டிவிசன் உபயகாரர் ஒருவரின் பெயர் தாளிலேயே இல்லை. தலைப்பில் இருந்த ஸ்ரீயும் உடைந்து, ஸ் தனியாகவும் ரீ தனியாகவும் நின்றது. யுனிகோடில் ஸ்ரீயை ஸகரத்தோடும் எழுதலாம், ஶகரத்தோடும் எழுதலாம். சில எழுத்துருக்கள் இரண்டில் ஒன்றை மட்டுமே சேர்த்துக் காட்டும். அதனால் நேற்று வரை சரியாக இருந்த சொல் எழுத்துரு மாறியதும் உடைகிறது.

ஒவ்வொரு திருத்தமும் ஒரு புதுப் பிழைக்கு வாசல் திறக்கிறது. முதல் சுற்றில் 11 பிழையைத் தீர்க்கும்போது ஒன்று புதிதாக வந்தாலும் இலாபம்தான். நான்காம் சுற்றில் தீர்க்க இருந்ததோ ஒரே ஒரு பிழை. விருப்பத்துக்காகத் தொட்டதில் இரண்டு வந்துவிட்டன. தீர்த்ததைவிட வரவழைத்தது கூடுதல். இந்த நிலைக்கு வந்த பிறகு ஒவ்வொரு சுற்றும் தாளைக் கெடுக்கிறது.

அதனால் பிழைப் பெட்டியில் விழுகிற ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "ப" அல்லது "பு" என்று குறியுங்கள்: முந்தைய வரைவிலும் இருந்ததா, இப்போது புதிதாக வந்ததா. புதியவை பழையவற்றுக்குச் சமமானாலே நிறுத்த வேண்டிய நேரம்.

புதியதைக் கண்டுபிடிக்க எளிய வழி, இரண்டு வரைவையும் கறுப்பு வெள்ளையில் அச்சடித்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடிப்பது. பகல் வெளிச்சத்தில், நகர்ந்த வரி இரட்டையாகத் தெரியும். கணினியில் ImageMagick, Ghostscript இரண்டும் இருந்தால் இதே வேலையை இப்படிச் செய்யலாம்:

```
magick compare -density 150 "v4.pdf[0]" "v5.pdf[0]" diff.png
```

மாறிய இடங்கள் சிவப்பாகத் தெரியும். [0] முதல் பக்கம், [1] இரண்டாம் பக்கம். நீங்கள் தொடாத இடத்தில் சிவப்பு இருந்தால் அங்கேதான் பார்க்க வேண்டும்.

மௌனத்தை முடிவு என்று எடுக்காதீர்கள்

வட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டு எல்லோரும் கும்பிட்டால் பிழை பூச்சியம் என்று அர்த்தமில்லை. தொலைபேசித் திரையில் A4 தாள் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிடும். பட்டியலை யாரும் பெரிதாக்கி வாசிப்பதில்லை. 100% அளவில் அச்சடித்துக் கையில் கொடுத்த பிறகு வருகிற பூச்சியம்தான் கணக்கு. அச்சுப் பெட்டியில் "Fit to page" தெரிவாகியிருந்தால் "Actual size" ஆக மாற்றுங்கள்.

அதே நான்கு பேருக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தாலும் பயனில்லை. பெயர் தெரிந்தவர் கண், எழுத்தைப் பார்க்காமல் தெரிந்த பெயரையே பார்க்கும். ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், கணினி மென்பொருள்களைச் சோதிக்கும் ஒருவர் சராசரியாக 31% குறைகளைக் கண்டார். அந்தக் கணக்கில் இரண்டாமவர் சேர்ந்தால் 52%, மூன்றாமவர் 67%, நான்காமவர் 77%, ஐந்தாமவர் 84%. முதல் ஆள் தந்த 31இல் ஐந்தாம் ஆள் தருவது கால்வாசிகூட இல்லை. அச்சுத் தாளுக்கு அதே எண் பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. வளைவு அதே மாதிரிதான் படுக்கிறது.

எனவே ஒரு சுற்றுக்கு மூன்று பேர் போதும், ஆனால் புது ஆட்களாக இருக்கட்டும். மூக்குக் கண்ணாடி போடுகிற ஒரு பெரியவர், எட்டாம் ஆண்டு படிக்கிற ஒரு பிள்ளை, பாதை தெரியாத வேறு தோட்டத்து ஆள் ஒருவர். லயத்து வாசலில் மாலை வெளிச்சத்தில் தாளைக் கொடுத்து, கொப்பியில் உள்ள மூன்று கேள்விகளைக் கேளுங்கள். "தேர் எத்தனை மணிக்கு, தாத்தா?" என்று கேட்டதும் விரல் ஐந்து விநாடிக்குள் சரியான வரிக்குப் போக வேண்டும். வேறெங்கோ தேடினால் அது வாசிப்புப் பெட்டி. "அழகா இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள், வருகிற பதில் எல்லாம் விருப்பப் பெட்டிக்குத்தான் போகும்.

ஒரே விஷயம் மூன்றாம் முறை வந்தால்

மேல் ஓரம் சிவப்பு, பிறகு குங்குமம், மறுபடி சிவப்பு. கொப்பியில் ஒரே பொருள் மூன்றாம் முறை வந்தால் அதைத் திருத்தமாக எடுக்க வேண்டாம். இரண்டு பேருக்கிடையில் முடிவாகாத விஷயம் அது. இரண்டையும் அச்சடித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தலைவரையும் செயலாளரையும் ஒன்றாக இருத்திக் கேளுங்கள். சொன்னதைக் கொப்பியில் எழுதி மூடிவிடுங்கள்.

நிறுத்துதல்

எங்கள் உதாரணத்தில் ஐந்தாம் வரைவைச் சரிசெய்துகொண்டே ஆறாவதுக்குப் போவதுதான் பலர் செய்வது. அதைவிட நான்காவதுக்குத் திரும்புவது நல்லது. அதில் இருந்த ஒரே பிழையை மட்டும் திருத்தி v4a என்று சேமியுங்கள். v4ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஓர் இடத்தில் மட்டும் சிவப்பு இருந்தால் முடிந்தது. இதற்காகவே ஒவ்வொரு சுற்றையும் தனிக் கோப்பாக எண் போட்டு வைக்க வேண்டும், "final" என்ற சொல்லே கோப்புப் பெயரில் வேண்டாம்.

அச்சடித்த தாளில் தலைவரின் கையெழுத்தும் திகதியும் வாங்குங்கள். இதன் பிறகு பிழைப் பெட்டிக் கருத்து மட்டும் ஏற்கப்படும் என்று அப்போதே சொல்லுங்கள். பிறகு எழுத்துகளை வடிவங்களாக மாற்றிய ஒரு பிரதி செய்யுங்கள் (Inkscape இல் Path > Object to Path), அச்சகத்துக் கணினியில் எழுத்துரு இல்லாமல் தமிழ் சிதறாது. மூலக் கோப்பை மாற்றாமல் தனியே வையுங்கள். ஓரத்தில் சுற்றிவர 3 மி.மீ. கூடுதல் விட்டால் கோப்பின் அளவு 216 × 303 மி.மீ. Inkscape நேரடியாக RGB தான் தரும் என்பதால் நான்கு வர்ணத்துக்கு Scribus வழியாகப் போவதே என் தெரிவு. Photoshop இல் இவ்வளவு எழுத்து அடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பின்சேர்க்கை: கருத்துகளில் கேட்டவை

"அச்சுத் தட்டு போட்ட பிறகு பெயர்ப் பிழை தெரிந்தால்?" என்று இருவர் கேட்டிருந்தார்கள். எழுத்து முழுவதும் கறுப்பு 100% இல் மட்டும் இருந்தால் கறுப்புத் தட்டு ஒன்றை மாற்றினால் போதும். நான்கு வர்ணமும் கலந்த கறுப்பாக இருந்தால் நான்கு தட்டும் போகும். ஆகவே நிறுத்துவதற்கு முந்தைய கடைசிச் சோதனையாக, Scribus இல் Print Preview திறந்து கறுப்பை மட்டும் அணைத்துப் பாருங்கள். கறுப்பு எழுத்து ஒன்றுகூடத் திரையில் மிஞ்சக் கூடாது.

"வட்ஸ்அப்புக்கு மட்டும்தான், அச்சு இல்லை" என்பவர்களுக்கு இவ்வளவு சுற்று வேண்டாம். பிழை வந்தால் அழித்துவிட்டு மறுபடி அனுப்பலாம். இரண்டு சுற்று, மூன்று கேள்வி, அதுவும் தொலைபேசித் திரையிலேயே கேட்டால் போதும்.