பவர் சப்ளையை மாற்றும்போது பழைய கேபிளை உள்ளே விட்டுவைக்காதீர்கள்

புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கியாயிற்று. பழைய 550 வாட் பவர் சப்ளை போதாது என்று சிம் லிம் ஸ்குவேருக்குப் போய் கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டக்கூடிய 850 வாட் மாடுலர் பவர் சப்ளை ஒன்றும் வாங்கி வந்தாயிற்று. கேஸைத் திறந்தால், பின்பக்கத் தகட்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் பழைய கேபிள்கள் எல்லாம் கட்டுப் போட்டு அழகாக ஓடுகின்றன. மூன்று டிஸ்குகளுக்குப் போகும் சாட்டா கேபிளை அவிழ்த்து வேறொன்றைக் கோர்க்க அரை மணி நேரம் ஆகும். பழைய பவர் சப்ளை பெட்டியின் பக்கம் இருக்கும் முனையைப் பிடுங்கி, புதுப் பெட்டியில் செருகிப் பார்த்தால் ‘கிளிக்’ என்று உட்கார்ந்துகொள்கிறது. வேலை மிச்சம் என்று தோன்றும்.

மாடுலர் பவர் சப்ளையில் நடக்கும் தவறுகளில் அதிக இழப்பைத் தருவது இதுதான். சுவிட்சைப் போட்ட கணத்தில் மூன்று டிஸ்குகளும் ஒன்றாகப் போய்விடலாம்.

ஒரு முனைக்குத்தான் விதி உண்டு

கேபிளின் இரண்டு முனைகளையும் ஒன்றுபோல நினைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. மதர்போர்டு, கிராஃபிக்ஸ் கார்டு, டிஸ்க் ஆகியவற்றில் செருகும் முனைக்கு எல்லாரும் பின்பற்றும் விதி இருக்கிறது. 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் வரையறையும், அதன் பிறகு வந்தவையும், எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்பதைத் தீர்மானமாகச் சொல்கின்றன. அதனால்தான் எந்த நிறுவனத்தின் பவர் சப்ளையும் எந்த மதர்போர்டோடும் வேலை செய்கிறது.

பவர் சப்ளை பெட்டியில் செருகும் முனைக்கு அப்படி ஒரு பொது விதி இல்லை. கேபிளைக் கழற்றி மாட்டும் வசதியை ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் வடிவமைத்தது. ஆனால் பிளாஸ்டிக் பிளக்கைப் புதிதாக யாரும் வார்க்கவில்லை. சந்தையில் ஏற்கெனவே கிடைக்கும் ஒரே வகை 6 பின், 8 பின் பிளக்குகளையே பெரும்பாலானவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆக உருவம் ஒன்று, உள்ளே ஓடும் மின்சாரத்தின் வரிசை வேறு.

‘தப்பாக இருந்தால் பிளக் உள்ளே போகாதே’ என்று சிலர் வாதிடுவார்கள். அந்தப் பிளக்கின் கால்களைக் கவனித்துப் பாருங்கள். சிலவற்றின் வெளிப்பக்கம் சதுரமாக இருக்கும், சிலவற்றின் இரண்டு மூலைகள் சீவப்பட்டிருக்கும். சதுரக் கால் சீவிய குழிக்குள் போகாது. ஆனால் மூலை சீவிய கால் சதுரக் குழிக்குள்ளும் போகும், சீவிய குழிக்குள்ளும் போகும். அந்தப் பூட்டு ஒரு சில தவறுகளை மட்டுமே தடுக்கும் என்பதால் ‘கிளிக்’ சத்தத்தை நம்பிப் பயனில்லை.

ஒரே பிராண்ட் என்றாலும் நிம்மதி கிடையாது. ஒரு பிராண்டின் வெவ்வேறு வரிசைகளை வெவ்வேறு தொழிற்சாலைகள் செய்துகொடுப்பது இந்தத் துறையில் வழக்கம். கோர்சேர் தன் கேபிள்களை ‘டைப் 3’, ‘டைப் 4’ என்று எண் போட்டுப் பிரித்திருப்பது இதற்காகத்தான். அந்த இரண்டிலும் மற்றக் கேபிள்கள் ஒத்துப்போனாலும், மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கேபிளை மாற்றிப் போடக் கூடாது.

இரண்டு பின் இடம் மாறினால் என்ன ஆகும்

சாட்டா கேபிளையே எடுத்துக்கொள்வோம். அதில் சாதாரணமாக ஐந்து வயர்கள் வரும். வரிசைப்படி 3.3 வோல்ட், கிரவுண்ட், 5 வோல்ட், கிரவுண்ட், 12 வோல்ட். 3.5 அங்குல ஹார்ட் டிஸ்கில் 12 வோல்ட் மோட்டாரைச் சுழற்றுகிறது, 5 வோல்ட் சிப்புகளுக்குப் போகிறது. 2.5 அங்குல எஸ்எஸ்டி 5 வோல்டை வைத்தே ஓடுகிறது.

விளக்கத்துக்காக ஒரு கணக்குப் போடுவோம். இது குறிப்பிட்ட எந்த நிறுவனத்தின் வரிசையும் இல்லை. உங்கள் பழைய பெட்டியின் 6 பின் சாக்கெட்டில் 3-ஆம் குழியில் 12 வோல்ட், 4-ஆம் குழியில் 5 வோல்ட். புதுப் பெட்டியில் 3-இல் 5 வோல்ட், 4-இல் 12 வோல்ட். மற்ற நான்கும் அச்சாக ஒன்றே. பழைய கேபிளுக்கு இந்த மாற்றம் எப்படித் தெரியும்? 4-ஆம் குழியில் வருவதை டிஸ்கின் 5 வோல்ட் காலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை, அதை ஒழுங்காகச் செய்கிறது. 5 வோல்டுக்கு மேல் தாங்காத சிப்புகளுக்கு 12 வோல்ட் போகிறது. அந்தக் கேபிளில் வரிசையாகத் தொங்கும் அத்தனை டிஸ்குக்கும் அதே கணத்தில் போகிறது. இரண்டு டிஸ்கில் ஒரே படங்களை நகல் எடுத்து வைத்திருந்தாலும், இரண்டும் ஒரே கேபிளில் இருந்தால் இரண்டும் போகும்.

நல்ல பவர் சப்ளையில்தான் பாதுகாப்புச் சுற்றுகள் இருக்கின்றனவே, அவை ஏன் தடுக்கவில்லை என்பது நியாயமான கேள்வி. வோல்டேஜ் எல்லை மீறுகிறதா என்று பார்க்கும் சுற்று, பெட்டிக்குள் உற்பத்தியாகும் 5 வோல்ட் சரியாக 5 வோல்டாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. அது சரியாகவே இருக்கிறது. 12 வோல்டும் சரியாக 12 வோல்ட். தவறு நடந்திருப்பது வெளியே, கேபிளில். மின்னோட்டத்தைக் கவனிக்கும் சுற்றும் உதவாது. 750 வாட் பெட்டியே 12 வோல்டில் சுமார் 62 ஆம்பியர் தரக்கூடியது. ஒரு டிஸ்கின் சிப் கருகுவதற்குச் செல்லும் ஓரிரு ஆம்பியர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

12 வோல்டும் கிரவுண்டும் இடம் மாறியிருந்தால் கொஞ்சம் அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். அது நேரடி ஷார்ட் ஆவதால் பெட்டி பெரும்பாலும் உடனே தன்னை அணைத்துக்கொள்ளும். விசிறி ஒரு துடிப்புத் துடித்து நின்றுவிட்டால், மறுபடி மறுபடி பட்டனை அழுத்தாமல் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிட்டுக் கேபிளைப் பாருங்கள்.

அறிகுறி தெரிந்ததும் செய்யக் கூடாதது

5 வோல்டில் 12 வோல்ட் போனபோது கம்ப்யூட்டர் சாதாரணமாக ஆன் ஆவது போலவே தெரியலாம். மதர்போர்டுக்குப் புதுக் கேபிளைப் போட்டிருந்தால் திரையில் படம் வரும், விசிறிகள் சுற்றும். பயாஸில் டிஸ்குகள் மட்டும் இருக்காது. மெல்லிய கருகல் வாடை வரலாம், வராமலும் இருக்கலாம்.

அப்போது கை தானாக இன்னொரு டிஸ்கைத் தேடும். ‘டிஸ்கா, கேபிளா என்று பார்த்துவிடலாம்’ என்று வீட்டிலிருக்கும் வேறொரு டிஸ்கை அதே கேபிளில் செருகுவார்கள். அதுவும் போகும். பவர் சப்ளையை மாற்றியதும் ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்குகள் ஒன்றாகக் காணாமல் போனால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளைத்தான்.

மின்சாரம் கொடுக்காமலே சோதிக்கும் வழி

எளிய வழி, புதுப் பெட்டியோடு வந்த கேபிள்களை மட்டும் பயன்படுத்துவது. மாடுலர் கேபிள்கள் பெரும்பாலும் முழுக் கறுப்பாக இருப்பதால், மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட் என்ற பழைய நிறக் கணக்கும் கைகொடுக்காது. எந்தக் கேபிள் எதனுடையது என்பதில் குழப்பம் வந்துவிட்டால் மல்டிமீட்டரை எடுங்கள். சுமார் இருபது நிமிட வேலை.

கேபிளை இரண்டு முனையிலும் முழுதாகக் கழற்றி மேஜையில் வையுங்கள். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் ‘பீப்’ நிலைக்கு மாற்றுங்கள். பெட்டிப் பக்க முனையைத் தாழ்ப்பாள் மேலே தெரியும்படி பிடித்து, குழிகளுக்கு 1 முதல் 6 வரை ஒரு தாளில் எண் எழுதிக்கொள்ளுங்கள். மறுமுனையில் சாட்டா பிளக்கின் 15 தகடுகளும் மும்மூன்றாக ஐந்து கூட்டங்கள். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் நடுக் கூட்டம் 5 வோல்ட்தான், அதன் இரு பக்கமும் கிரவுண்ட். இந்த ஒன்றை நினைவில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. தகடுகள் உள்ளே ஒடுங்கியிருப்பதால் மீட்டரின் தடித்த முனை எட்டாது. அந்த முனையில் ஒரு தையல் ஊசியைச் சேர்த்துப் பிடித்துத் தொடுங்கள்.

ஒவ்வொரு குழியும் எந்தக் கூட்டத்தோடு பீப் கொடுக்கிறது என்று எழுதுங்கள். சந்தேகக் கேபிளுக்கு ஒரு தாள், புதுப் பெட்டியோடுதான் வந்தது என்று உறுதியாகத் தெரிந்த கேபிளுக்கு ஒரு தாள். சாட்டா பிளக்கை இரண்டு முறையும் ஒரே பக்கமாகத் திருப்பிப் பிடித்திருக்க வேண்டும். இரண்டு தாளிலும் ஒரு வரி வேறுபட்டாலும் அந்தக் கேபிள் அந்தப் பெட்டிக்கு ஆகாது. எல்லா வரியும் ஒத்துப்போனாலும் அது அந்த ஒரு கேபிளுக்கு மட்டுமே சான்று. அதை வைத்து 24 பின் கேபிளையோ கிராஃபிக்ஸ் கார்டு கேபிளையோ நம்ப முடியாது.

ஒப்பிட மூலக் கேபிள் இல்லாவிட்டால் இந்தச் சோதனையும் இல்லை. கேரோசெலில் ‘கேபிள் கொஞ்சம் குறைகிறது, விலை மலிவு’ என்று வரும் மாடுலர் பெட்டிகளை வாங்கலாமா என்றால், என் கருத்தில் வேண்டாம். வாங்கியே தீர வேண்டும் என்றால் பெட்டியின் லேபிளில் உள்ள முழு மாடல் பெயரையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ‘750 வாட் கோல்டு’ என்பது போதாது. அந்தப் பெயரைச் சொல்லித் தயாரிப்பாளரிடமே கேபிள் கேளுங்கள். துணி உறை போட்ட வண்ணக் கேபிள் வாங்குவோருக்கும் இதே பேச்சுத்தான். எல்லா மாடுலர் பெட்டிக்கும் பொருந்தும் என்று எழுதியிருக்கும் கேபிளை விட்டுவிடுங்கள், பெட்டிப் பக்க முனைக்கு அப்படி ஒன்று இருக்க முடியாது. பெட்டியில் செருகாமல், வந்த கேபிளின் மறுமுனையோடு சேர்த்து நீட்டிக்கும் எக்ஸ்டென்ஷன் கேபிள்கள் வேறு வகை. இரண்டு முனையும் விதிக்கு உட்பட்டவை என்பதால் அவற்றில் இந்த ஆபத்து இல்லை.

பழைய பெட்டியைத் தூக்கிப் போடும்போது அதன் கேபிள்களையும் ஒரே பையில் சேர்த்துப் போடுங்கள். ஐந்து வருஷம் கழித்து அலமாரியில் கிடைக்கும் அநாதைக் கேபிளை யாராவது ஒருவர் செருகிப் பார்ப்பார்.

ஏற்கெனவே எரிந்துவிட்டால்

ஹார்ட் டிஸ்கில் எரிந்தது பெரும்பாலும் அடியில் இருக்கும் பச்சைப் பலகைதான், தகவல் பதிந்த தட்டுகள் அப்படியே இருக்கும். பல டிஸ்குகளில் பவர் பிளக்குக்கு அருகே சிறிய பாதுகாப்பு டையோடு இருக்கும். அளவு மீறினால் அது தானே ஷார்ட் ஆகி மற்றவற்றைக் காக்கப் பார்க்கும். அது மட்டும் போயிருந்தால், தெரிந்தவர் அதை அகற்றி டிஸ்கை ஓட வைத்துத் தகவலை எடுத்துவிடலாம். அதைத் தாண்டியும் சேதம் என்றால், அதே மாடல் டிஸ்கின் பலகையைக் கழற்றி மாட்டினால் போதாது. ஒவ்வொரு டிஸ்கின் தட்டுக்கும் ஏற்ற அளவுகள் அந்தந்தப் பலகையின் ரோம் சிப்பில் இருப்பதால், அந்தச் சிப்பையும் பெயர்த்துப் புதுப் பலகையில் பற்ற வைக்க வேண்டும். ஆகவே எரிந்த பலகையை வீசிவிடாதீர்கள். மீட்புக் கடையில் டிஸ்கைக் கொடுக்கும்போது ‘திடீரென்று நின்றுவிட்டது’ என்று சொல்லாமல், வேறு பெட்டியின் கேபிளைப் போட்டோம், 5 வோல்டில் 12 வோல்ட் போயிருக்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். எங்கே முதலில் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்துவிடும். எஸ்எஸ்டியில் நிலைமை கடினம். கண்ட்ரோலர் சிப் கருகிவிட்டால், நினைவகச் சிப்புகள் நலமாக இருந்தாலும் பல மாடல்களில் அவற்றில் இருப்பது அந்தக் கண்ட்ரோலர் மட்டுமே திறக்கக்கூடிய மறைகுறியீடு.