முகம் எரிகிறதா? சன்ஸ்கிரீனின் வகையைப் பாருங்கள்

சன்ஸ்கிரீன் பூசிய சில நிமிடங்களில் கன்னம் எரிந்தால், அல்லது வியர்வையோடு வழிந்து கண் கரித்தால், டியூபின் பின்புறத்தைப் படியுங்கள். அவோபென்சோன், ஆக்டோகிரிலீன் போன்ற பெயர்கள் இருந்தால் அது கெமிக்கல் வகை. மெலிதாகப் பரவும், பூசியதே தெரியாது. ஆனால் சிலருடைய மென்மையான சருமத்துக்கு ஒத்துக்கொள்ளாது.

ஜிங்க் ஆக்சைடு மட்டும் உள்ள மினரல் வகை பெரும்பாலும் எரிவதில்லை. கெட்டியாக இருக்கும், மாநிறத்தில் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்துத் தெரியும். பருவுக்கான மருந்தால் தோல் உரிந்திருந்தால் அந்த இடங்களில் திட்டுத்திட்டாக ஒட்டும். முதலில் மாய்ஸ்சரைசர் பூசி, அது ஊறிய பிறகு, சன்ஸ்கிரீனை இரண்டு தவணையாக ஒற்றி ஒற்றிப் பூசுங்கள். இரும்பு ஆக்சைடு சேர்த்த, நிறமுள்ள வகையில் வெளுப்பு குறைவு. வெளுப்புக்குப் பயந்து அளவைக் குறைத்தால் பாதுகாப்பும் குறையும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, இரண்டு விரல்களின் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு வேண்டும்.

மினரல் என்றாலே பரு வராது என்பதை நான் ஏற்கமாட்டேன். சருமத் துளைகளை அடைப்பது பெரும்பாலும் க்ரீமின் பிசுபிசுப்பான அடிப்பொருள்தான். புதியதைத் தாடையோரம் மட்டும் பூசிப் பாருங்கள்: எரிச்சல் சீக்கிரம் தெரிந்துவிடும், பரு தலைகாட்டச் சில வாரங்கள்கூட ஆகலாம்.