கரண்ட் பில் கூடி வந்தா மக்கள் விடுற பிழைகள்: ஆரையம்பதி கணக்கு சேர்ர கதை

பில் கூட வந்தா நம்மட ஆக்கள் முதல்ல செய்றது போன மாச காசையும் இந்த மாச காசையும் ஒப்பிட்டுப் பாத்திட்டு ஒஃபிசுக்கு போய் சத்தம் போடுறது. அது வேலைக்காகாது, ஏனெண்டா கவுண்டர்ல இருக்கிறவருக்கு உங்கட கோபத்த கம்பியூட்டர்ல அடிக்க ஒரு இடமும் இல்ல. ஆரையம்பதியில பென்ஷன்ல இருக்கிற ஒரு கணக்கு சேர் இதை எப்பிடி செஞ்சார் எண்டு சொல்றன், அதுல எல்லாப் பிழையும் வெளங்கிரும்.

சேர் வீட்டில அவரும் அக்காவும் மட்டுந்தான், நாளுக்கு 3 யூனிட் மட்டுல போகும். அந்த மாசம் பில் வந்தது 173 யூனிட். மீட்டர் பாக்க தம்பி வந்த நேரம் வீடு பூட்டு, வெளிச்சுவர்ல கிடந்த மீட்டரப் பாத்து கொப்பியில எழுதிட்டுப் போயிட்டார், பில் பொறகுதான் ஒஃபிசில இருந்து வந்தது. அக்கா சொன்னா "விடுங்க, அடுத்த மாசம் குறைஞ்சு வந்து சரியாயிரும்" எண்டு.

இதான் பெரிய பிழை. யூனிட் சரியாகும், காசு சரியாகாது. நம்மட பில் படி படியா ஏறுறது, 60, 90, 120, 180 எண்டு ஒவ்வொரு படியிலயும் யூனிட் விலை கூடும், நிலையான கட்டணமும் படியோட சேர்ந்து ஏறும். 92 யூனிட் பாவிச்சவருக்கு 173 எண்டு அடிச்சா கூடின 81 யூனிட்டும் விலை கூடின மேல்படியிலதான் விழும். அடுத்த மாசம் அந்த 81உம் கழிஞ்சு 11 யூனிட் எண்டு வந்தாலும் அது கீழ்படியில மலிவாக் கழியுமே ஒழிய போன காச முழுசாத் தராது.

சேர் காசப் பாக்கல்ல, மீட்டரப் பாத்தார். பில்லுல முன் வாசிப்பு 8417, இப்ப வாசிப்பு 8590, வாசிச்சது 2ஆம் திகதி. இவர் 7ஆம் திகதி காலமை போய்ப் பாத்தா மீட்டர்ல 8524! அஞ்சு நாள் முந்தி 8590ல நிண்ட மீட்டர் எப்பிடி பின்னுக்கு ஓடும்? அந்த இடத்திலயே ஃபோனால ஒரு படம் எடுத்து வெச்சார். கன பேர் ரெண்டு கிழமை கழிச்சுத்தான் மீட்டரப் பாப்பாங்க, அதுக்குள்ள மீட்டர் ஓடி ஓடி பிழை இலக்கத்துக்குக் கிட்ட போயிரும், கூடப் பிந்தினா தாண்டியும் போயிரும், பொறகு காட்ட ஒண்டுமில்ல.

அதோட விடல்ல சேர். 5 நாளுக்கு 15 யூனிட் எண்டா 2ஆம் திகதி 8509ல நிண்டிருக்கணும். 8509, 8590, வித்தியாசம் 81. 9ஆல பிரிபடுது. பக்கத்தில பக்கத்தில கிடக்கிற ரெண்டு இலக்கம் இடம் மாறினா வித்தியாசம் எப்பவும் 9ஆல பிரிபடும், கணக்குப் புத்தகம் எழுதுறவங்களுக்குத் தெரிஞ்ச பழைய சோதனை. ஆனா 9ஆல பிரிபட்டா இலக்கம் மாறினதுதான் எண்டு அடிச்சுச் சொல்ல ஏலாது, அது சந்தேகத்துக்கு மட்டுந்தான். மீட்டர்ல பில்லை விடக் கூட நிண்டா, போன மாசம் மதிப்பிட்டு குறைச்சுப் போட்டத இப்ப சேர்த்திருக்காங்களா எண்டுதான் முதல்ல பாக்கணும்.

பொறகு கடிதம். அரைப் பக்கம், தமிழ்ல. இஞ்ச நிர்வாக மொழி தமிழ்தான், ஆரையும் பிடிச்சு இங்கிலிசில எழுத வைக்கத் தேவையில்ல. கணக்கிலக்கம், ரெண்டு திகதி, மூணு வாசிப்பு, கடைசியா: "2ஆம் திகதி வாசிப்பு 8509 என இருந்திருக்கலாம் எனக் கருதுகிறேன். வாசிப்புக் கொப்பியுடன் ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." போன வருசம் கரண்ட் போன கதை, பக்கத்து வீட்டுப் பில், ஒண்டும் இல்ல. பில்லின்ர ஃபோட்டோக் கொப்பிய மட்டும் இணைச்சார், மூலப் பில்லக் குடுக்கல்ல. காசையும் நிப்பாட்டல்ல, வழமையாக் கட்டுற தொகையக் கட்டி ரசீது இலக்கத்த கடிதத்தில போட்டார், ஒண்டுமே கட்டாம விட்டா சிவப்பு பில் வரும், பொறகு கரண்ட் வெட்ட வருவாங்க, அப்ப கதை வேற.

கல்லடிப் பாலம் தாண்டி பஸ்ஸில போய் நேர குடுத்தார். தன்ர கையில இருந்த கடிதக் கொப்பியில திகதி முத்திரை குத்தித் தரச் சொல்லி நிண்டார். கிளாக்கர் கொஞ்சம் முகத்தச் சுழிச்சார், ஆனாலும் கடிதத்த வாசிச்சிட்டு எழும்பிப் போய் மீட்டர் பாக்கிற தம்பி எழுதின வாசிப்புக் கொப்பிய எடுத்து வந்தார். அதில வடிவா 8509. கம்பியூட்டர்ல 8590.

"சேர், என்ர கைதான் மாறிட்டு."

முத்திரையும் விழுந்திச்சு. அடுத்த பில் முன் வாசிப்பு 8509ல தொடங்கி வந்திச்சு, சேர் அத முதல்ல பாத்திட்டுத்தான் காசப் பாத்தார்.