டிரெண்டிங் சர்ச்சையில் கடைப் பக்கம் வாய் திறக்கலாமா?

காலையில் முதலாளியிடமிருந்து வாட்ஸ்அப் வரும்: "எல்லாரும் இதைப் பத்திப் போடறாங்க, நம்ம பக்கத்துல ஒண்ணையும் காணோமே?" ஒரு நிறுவனத்தின் சமூக ஊடகப் பக்கத்தைப் புதிதாகக் கவனிப்பவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

நீங்கள் ஒரு ஜவுளிக்கடையின் பக்கத்தைப் பார்த்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். வேறெங்கோ ஒரு கடையில் விற்பனைப் பெண்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்யும் வீடியோ பரவி, எல்லோரும் கொதிக்கிறார்கள். "எங்கள் ஊழியர்கள் எங்கள் குடும்பம்" என்று ஒரு போஸ்டர் போடச் சொல்கிறார் முதலாளி. போடலாமா?

முதல் படி: உள்ளே போய்ப் படியுங்கள்

ஹேஷ்டேக்கை வைத்து விஷயத்தை ஊகிக்காதீர்கள். அதைத் தொட்டு, குறைந்தது முப்பது நாற்பது பதிவுகளையாவது படியுங்கள். 2014 செப்டம்பரில் அமெரிக்காவில் #WhyIStayed டிரெண்டானது. கணவனிடமோ காதலனிடமோ அடி வாங்கியும் ஏன் விட்டுப் போகவில்லை என்று பெண்கள் அதில் எழுதிக்கொண்டிருந்தார்கள். டிஜியோர்னோ என்ற பீட்சா நிறுவனம் அதே ஹேஷ்டேக்கில், பீட்சா இருந்ததால் போகவில்லை என்ற பொருளில் ஒரு ஜோக் போட்டது. சில நிமிடங்களில் நீக்கினார்கள். ஹேஷ்டேக் எதைப் பற்றியது என்று படிக்காமல் போட்டுவிட்டோம் என்று மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் அதற்குள் ஸ்கிரீன்ஷாட் ஊரைச் சுற்றிவிட்டது.

இரண்டாம் படி: வரப்போகும் பதிலை நீங்களே எழுதுங்கள்

முடிவு பெரும்பாலும் இந்தப் படியிலேயே தெரிந்துவிடும். போட நினைக்கும் பதிவை ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் கடையை நன்றாகத் தெரிந்த, உங்கள்மேல் கோபமுள்ள ஒருவர் அதற்கு என்ன பதில் போடுவார் என்று கீழே எழுதுங்கள். அந்தப் பதில் உண்மையாக இருந்தால், பதிவு வேண்டாம்.

2022 மார்ச் 8, மகளிர் தினம். பிரிட்டனில் பல நிறுவனங்கள் பெண்களைப் போற்றி ட்வீட் போட்டன. @PayGapApp என்ற தானியங்கிக் கணக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரே மாதிரி பதில் போட்டது: உங்கள் நிறுவனத்தில் ஆண்களைவிடப் பெண்களின் இடைநிலை மணிக்கூலி இத்தனை சதவீதம் குறைவு. திட்டும் இல்லை, வாதமும் இல்லை. 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் இந்தக் கூலி வித்தியாசத்தை வெளியிட வேண்டும் என்பது அங்கே சட்டம். அதன்படி அவர்களே அரசுக்குக் கொடுத்திருந்த எண்தான் அது. பல நிறுவனங்கள் வாழ்த்தையே நீக்கிவிட்டு ஓடின.

சரி, நம் ஜவுளிக்கடைக்கு வருவோம். தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. ஆகவே போஸ்டர் டிசைன் செய்யும் முன் ஒவ்வொரு மாடியாக ஏறிப் பாருங்கள். கவுன்டருக்குப் பின்னால் நாற்காலி இருக்கிறதா? இருந்தாலும் உட்கார விடுகிறார்களா, அல்லது அதன்மேல் புடவைக்கட்டு அடுக்கியிருக்கிறதா? மேற்பார்வையாளரிடம் கேட்காதீர்கள், பில் போடும் பெண்ணிடம் கேளுங்கள். நாற்காலி இல்லையென்றால், "குடும்பம்" போஸ்டருக்குக் கீழே முதல் கமெண்ட் உங்கள் ஊழியரின் தம்பியிடமிருந்தே வரும். அந்த நிலையில் முதலாளியிடம், "போஸ்டர் வேண்டாங்க, முதல்ல நாற்காலி வாங்குவோம்" என்று சொல்லிவிடுங்கள். எல்லா மாடியிலும் நாற்காலி போட்டு, ஊழியர்கள் உட்கார்ந்தும் வேலை செய்கிறார்கள் என்றால் பேசலாம். அப்போதும் கருத்து வேண்டாம், நாற்காலி இருப்பதைச் சொன்னால் போதும்.

மூன்றாம் படி: மௌனத்தை ஒழுங்காகச் செய்யுங்கள்

பதிவு போடுவதில்லை என்று முடிவெடுத்த பிறகும் வேலை இருக்கிறது. முன்கூட்டியே நேரம் குறித்து வைத்த பதிவுகள் தானாகப் போய்க்கொண்டிருக்கும். ஊர் கொதிக்கும் நேரத்தில் "நாள் முழுக்கச் சிரித்த முகத்துடன் சேவை!" என்ற உங்கள் பழைய ரீல் வெளிவந்தால் எப்படி இருக்கும்? பேஸ்புக், இன்ஸ்டாகிராம் பதிவுகளைக் கையாளும் Meta Business Suite-ல் Planner-ஐத் திறந்து அடுத்த சில நாள் பதிவுகளைத் தள்ளி வையுங்கள். காசு கட்டி ஓடும் விளம்பரங்கள் இதனால் நிற்காது. அவற்றை Ads Manager-ல் தனியாக நிறுத்த வேண்டும். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம், பக்கத்தைத் தொடும் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். கடைக் கணக்கிலிருந்து தெரியாத்தனமாக விழும் ஒரு லைக்கும் கடையின் கருத்தாகவே எண்ணப்படும்.

மௌனம் செல்லாத இடம்

பரவும் வீடியோவே உங்கள் கடையில் எடுத்தது என்றால் இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. அன்றே பதில் சொல்லியாக வேண்டும். வாடிக்கையாளர் ஒருவர் கமெண்டில், "உங்க கடையில சேர் இருக்கா?" என்று நேரடியாகக் கேட்டாலும் அப்படித்தான். அந்தக் கமெண்டுக்குக் கீழேயே, உள்ளதைச் சொல்லுங்கள்: "தரைத்தளத்தில் இருக்கிறது, மேல் இரண்டு மாடிகளுக்கு இன்னும் போடவில்லை, இந்த வாரம் போடுகிறோம்." தேதி சொன்னால் அந்தத் தேதியில் நாற்காலி வந்திருக்க வேண்டும். கேட்டவர் திரும்ப வந்து பார்ப்பார்.