குடோனில் சரக்கு வரும் வாசல், போகும் வாசல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகக் குடோன் போடுகிறவர்கள் பலர், முன்பக்கம் சரக்கு இறங்கட்டும், பின்பக்கம் ஏறட்டும் என்று வரைந்துவிடுகிறார்கள். பேப்பரில் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். தூரக் கணக்கைப் போடாமல் அப்படி முடிவு செய்வதுதான் முதல் தவறு.

குடோன் 100 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். இந்த நேர்வழி அமைப்பில், இறக்கும் வாசலிலிருந்து 20 மீட்டரில் ஒரு பேலட்டை வைத்தால் ஏற்றும் வாசலுக்கு இன்னும் 80 மீட்டர். 70 மீட்டரில் வைத்தால் 30. எங்கே வைத்தாலும் மொத்தம் 100தான். தினமும் நாலு லோடு போகும் பிஸ்கட்டுக்கும், வருஷத்துக்கு இரண்டு தடவை நகரும் சரக்குக்கும் ஒரே அலைச்சல்.

இரண்டு வாசலையும் ஒரே பக்கம் வைத்தால், அதாவது யு வடிவத்தில், கணக்கு மாறுகிறது. பத்தில் எட்டு நடை வேகமாக ஓடும் சரக்குக்கு என்றால், அதை வாசலிலிருந்து சராசரியாக 20 மீட்டரில் வையுங்கள். போக வர 40 மீட்டர். மீதிச் சரக்கு சராசரியாக 60 மீட்டர் உள்ளே இருந்தால் 120. மொத்தத்தில் ஒரு பேலட்டுக்குச் சராசரி 56 மீட்டர்தான்.

ஆனால் இங்கேதான் அடுத்த தவறு. யு வடிவத்தில் கட்டிவிட்டு, காலியாகக் கிடக்கும் ரேக்கில் எல்லாம் கைக்கு வந்ததை வைத்தால் சராசரி ஆழம் 50 மீட்டர் ஆகும். போக வர மறுபடி 100. வடிவம் மட்டும் எதையும் மிச்சப்படுத்தாது.

நான் வேலை பார்த்த ஒரு குடோனில், இறக்கும் இடத்துக்கும் ஏற்றும் இடத்துக்கும் நடுவே மஞ்சள் கோடு கூட இல்லை. காலையில் இறக்கி, எண்ணிப் பார்க்காமல் நின்ற பேலட் மதியம் வேறொருவர் லாரியில் ஏறிப் போய்விட்டது. இரண்டு வாசலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. கோடு போதாது, நடுவே தடுப்பு வேண்டும். இடமும் தாராளமாக வேண்டும்: 20 பேலட்டுக்குத் தரை மட்டும் 24 சதுர மீட்டர், ஃபோர்க்லிஃப்ட் புகுந்து வர ஏறக்குறைய இன்னொரு மடங்கு. எண்ணி முடிப்பதற்குள் அடுத்த லாரி வந்தால்? அதற்கும் இடம் விடணும்.

சரி, நேர்வழி எப்போதுமே தப்பா? இல்லை. வந்த சரக்கு ரேக்குக்கே போகாமல் சில மணி நேரத்தில் வெளியேறும் பார்சல் மையத்துக்கு அதுதான் பொருத்தம். யு வடிவத்தில் எல்லா லாரியும் ஒரே முற்றத்தில் குவியும். 40 அடி கண்டெய்னர் திரும்பிப் பின்னால் வந்து நிற்க, வாசலுக்கு முன் 35 முதல் 40 மீட்டர் வேண்டும். மனையில் அது இல்லையென்றால், மேலே போட்ட கணக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் யு அங்கே வேலைக்கு ஆகாது.