மளிகைக் கடைக்கு நேரடி முறையில் ரொக்க ஓட்ட அறிக்கை

கையில் இருக்க வேண்டியவை இரண்டு: ஒரு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், அதே மாத கேஷ் புக். நேரடி முறை என்றால், லாபத்திலிருந்து தொடங்காமல் உண்மையில் வந்த பணத்தையும் போன பணத்தையும் வகைவாரியாகக் கூட்டுவது. கடை சின்னதாக இருந்தால் லாபக் கணக்கே இல்லாமல் அறிக்கையை முடித்துவிடலாம்.

முதலில் ஆரம்ப இருப்பு. எடுத்துக்காட்டுக்கு ஒரு மளிகைக் கடை: மாத முதல் நாள் கல்லாவில் 18,000, வங்கியில் 42,000. ஆக 60,000.

அடுத்து இரண்டு ஏடுகளின் வரிகளையும் ஒரே ஷீட்டில் கீழ்க்கீழாக ஒட்டுங்கள். தேதி, விவரம், வரவு, செலவு, வகை என்று ஐந்து பத்திகள் போதும். ஒவ்வொரு வரிக்கும் வகை எழுதிய பிறகு, கூட்டுவது ஒரு சூத்திரம்தான், வரவு வகைக்கு மட்டும் D:D-க்குப் பதில் C:C:

```
=SUMIFS(D:D,E:E,"வாடகை")
```

வகை எழுதும்போது சறுக்குவது ஓர் இடத்தில். கல்லாப் பணத்தில் 1,20,000 வங்கியில் கட்டியிருக்கிறார்கள். அது கேஷ் புக்கில் செலவு, ஸ்டேட்மென்டில் வரவு. இரண்டு வரிக்கும் 'கான்ட்ரா' என்று எழுதி அறிக்கையில் சேர்க்காமல் விடுங்கள். வங்கி வரவை விற்பனை என்றும் கல்லாச் செலவை 'இதர செலவு' என்றும் போட்டால் கடைசி இருப்பு அப்போதும் சரியாகவே வரும். விற்பனை மட்டும் 1,20,000 வீங்கியிருக்கும். அதனால் இருப்பு ஒத்துப்போனதை மட்டும் நம்பாமல், பில் கூட்டுத்தொகையோடும் ஒப்பிடுங்கள். கான்ட்ராவின் வரவும் செலவும் சமமா என்றும் பாருங்கள். சமமில்லை என்றால், பெரும்பாலும் மாதக் கடைசியில் கட்டிய பணம் அடுத்த மாத ஸ்டேட்மென்டில் இருக்கும். அந்தத் தொகையை 'வழியில் உள்ள ரொக்கம்' என்று இறுதி இருப்பில் சேர்க்க வேண்டும்.

இப்போது மிச்சத்தை இயக்கம், முதலீடு, நிதி என்று மூன்று பிரிவாகப் பிரிப்போம். ரொக்க விற்பனை 2,13,000, யுபிஐயும் கார்டும் 1,65,000, பழைய கடன் வசூல் 12,000: வரவு 3,90,000. சரக்குக்கு 2,48,000, சம்பளம் 18,000, வாடகை 15,000, மின்கட்டணம் 6,500, சில்லறைச் செலவு 4,000 போக, இயக்க நடவடிக்கையில் நிற்பது 98,500. மாதக் கடைசி ராத்திரி கார்டில் விற்றது அடுத்த நாள்தான் வங்கிக்கு வரும். அது அடுத்த மாத வரவு.

புது ஃப்ரிட்ஜ் 38,000, முதலீட்டுப் பிரிவு. கடன் தவணை 9,500, வீட்டுக்கு எடுத்தது 22,000, இரண்டும் நிதிப் பிரிவு. தவணைக்குள் இருக்கும் வட்டியும் அங்கேதான், இந்தியக் கணக்கியல் தரமான ஏ.எஸ். 3 அப்படித்தான் சொல்கிறது. வீட்டுக்கு எடுத்ததைக் கடைச் செலவில் ஒளித்தால் கடை உண்மையைவிடக் குறைவாகச் சம்பாதிப்பது போலத் தெரியும்.

98,500 – 38,000 – 31,500 = 29,000. ஆரம்ப 60,000-ஐக் கூட்டினால் 89,000. ஸ்டேட்மென்டில் கடைசி இருப்பு 68,000. அப்புறம் கல்லாவை எண்ணுங்கள்: 21,000 இருக்க வேண்டும். கேஷ் புக்கைப் பார்த்து எழுதாதீர்கள், நோட்டை எண்ணுங்கள். பல கடைகளில் ரொக்க விற்பனையை எழுதாமல், கல்லா இருப்பிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு நிரப்புவார்கள். அங்கே இந்த ஒப்பீடு எப்போதும் பொருந்தும், திருட்டுப் போயிருந்தாலும்.