எச்டிஆர் படத்தில் ஒட்டிய முகம் மட்டும் ஏன் மின்னுகிறது?

லால்பாக் கண்ணாடி மாளிகை முன்னால் எடுத்த குடும்பப் படம். மூன்று எக்ஸ்போஷரைச் சேர்த்து டோன் மேப் செய்த எச்டிஆர். ஊரிலிருந்து வர முடியாத மச்சானின் முகத்தை அவர் போன் படத்திலிருந்து வெட்டி ஒட்டினால், பல்பு போட்டதுபோல் மின்னும்.

டோன் மேப்பிங் வெளிச்சத்தைக் கீழே இறக்கி, நிழலை மேலே ஏற்றுகிறது. அதனால் மற்றவர்களின் முகங்கள் நடுத்தரப் பிரகாசத்தில் நிற்கும். போன் படத்துக்கு அந்த இறக்கம் நடக்கவில்லை. அதன் கன்னம் இருக்கும் பிரகாசத்தில் இந்தப் படத்தில் வானம்தான் இருக்கிறது.

சரி, எப்படிச் சரிசெய்வது? டோன் மேப்பிங் முடிந்த பிறகே முகத்தை ஒட்டுங்கள். பக்கத்தில் நிற்பவரின் வெளிச்சம் பட்ட கன்னத்தையும் தாடைக்கு அடியில் உள்ள நிழலையும் 0 முதல் 255 வரையிலான பிரகாச அளவில் அளந்து பாருங்கள். அங்கே 165, 95 என்றும், ஒட்டிய முகத்தில் 215, 150 என்றும் இருந்தால், முக லேயரில் மட்டும் Curves திறந்து 215-ஐ 165-க்கும் 150-ஐ 95-க்கும் இழுங்கள். மின்னுவது நின்றுவிடும்.

அப்புறமும் முகம் தட்டையாகத் தெரியலாம். டோன் மேப்பிங் மற்ற முகங்களில் சின்னச் சின்ன மேடுபள்ளங்களைத் தூக்கிக் காட்டியிருக்கும். போனோ தோலை வழவழப்பாக்கியிருக்கும். Unsharp Mask-இல் Radius 50, Amount 15 சதவீத அளவில் கொடுத்துப் பாருங்கள். பெரிய ரேடியஸ்தான் முக்கியம். சின்னது ஓரத்தை மட்டும் கூராக்கும்.

கன்னம் 255-ஐத் தொட்டு வெளுத்திருந்தால் வேறு படம் தேடுங்கள். இறக்கினால் சாம்பல் திட்டுதான் மிஞ்சும்.